பேஸ் திருட்டு: லீடும் பிட்சரின் குதிகாலும்

பேஸ்பாலில் முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையிலான தூரம் 90 அடி. முதல் பேஸில் நிற்கும் ரன்னர், பிட்சர் பேட்டருக்குப் பந்து எறியத் தொடங்கியதும் ஓடி, பந்து வந்து சேருமுன் இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டால் அது திருட்டு. அவரைத் தடுக்க இருவர் உண்டு. பிட்சரின் முதல் அசைவிலிருந்து பந்து கேட்சரின் கையுறைக்குள் விழச் சராசரியாக 1.3 விநாடி ஆகும். அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க, நல்ல கேட்சருக்கு ஏறக்குறைய 2 விநாடி. இரண்டையும் கூட்டினால் 3.3. ரன்னரின் ஓட்டம் இந்த 3.3 விநாடிக்குள் முடிய வேண்டும்.

முழு 90 அடியையும் அந்த நேரத்தில் ஓடி முடிப்பது யாருக்கும் கடினம். அதனால்தான் ரன்னர் பேஸை விட்டு முன்கூட்டியே நகர்ந்து நிற்கிறார். இதற்கு லீட் என்று பெயர். பெரும்பாலான ரன்னர்களுக்கு இது 12 அடியை ஒட்டி இருக்கும். கிரிக்கெட்டில் நான்-ஸ்ட்ரைக்கர் பந்துவீச்சுக்கு முன்பே கோட்டைத் தாண்டினால் குறை சொல்வார்கள். பேஸ்பாலில் இதற்கு முழு அனுமதி உண்டு. ஆனால் பிட்சர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து ரன்னரை அவுட்டாக்க முயலலாம். அந்த எறிதல்தான் பிக்-ஆஃப்.

லீட் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பிட்சர் முதல் பேஸுக்கு எறியும்போது ஒரு காலடி எடுத்து, பாய்ந்து விழுந்து, கையால் பேஸின் பின்மூலையைத் தொடும் தூரமே சரியானது. நின்ற நிலையிலேயே திரும்பி வர முடிந்தால் லீட் குறைவு. பாய்ந்தும் மயிரிழையில்தான் தப்ப முடிகிறதென்றால் அதிகம். அந்த இடத்தில் முழங்கால்களை மடக்கி, எடையை இரு கால்களிலும் சமமாக வைத்து நிற்க வேண்டும். இரண்டாம் பேஸை நோக்கி உடல் சற்றே சாய்ந்தாலும் திரும்புவதற்கு முன் அந்தச் சாய்வை மீட்க வேண்டியிருக்கும். பிக்-ஆஃபில் அவுட்டாகும் ரன்னர்களில் பலரைக் காட்டிக்கொடுப்பது லீட்டின் நீளமல்ல, வலது காலில் ஏறிவிட்ட எடைதான்.

இனி லீட்டின் மதிப்பைக் கணக்கிடலாம். முழு வேகத்தில் ஓடுபவர் விநாடிக்கு ஏறக்குறைய 27 அடி கடக்கிறார். எனவே ஓர் அடி கூடுதல் லீட் தருவது வெறும் 0.04 விநாடி. பிட்சரோ காலை உயரத் தூக்காமல் தரையை ஒட்டி விரைவாக எடுத்துவைக்கும் ஸ்லைடு ஸ்டெப்பைப் பயன்படுத்தினால் 0.2 விநாடிவரை மிச்சப்படுத்திவிடுவார். அதை லீட்டால் ஈடுகட்ட 5 அடி கூடுதலாக வேண்டும். அவ்வளவு தூரம் நகர்ந்தவர் பாதுகாப்பாகத் திரும்ப முடியாது. ஆகவே திருட்டின் உயிர் லீட்டில் இல்லை, பிட்சர் எங்கே எறியப்போகிறார் என்பதைச் சரியாகப் படித்து, அவருடைய முதல் அசைவிலேயே கிளம்புவதில் இருக்கிறது. கால் விநாடி தயங்கினால் 12 அடி லீட்டில் பாதிக்கும் மேல் கரைந்துபோகும்.

வலக்கைப் பிட்சரைப் படிக்கும் ரன்னரின் கண் அவருடைய கால்களில் இருக்க வேண்டும். பிட்சர் வலது காலை மேட்டிலுள்ள ரப்பர் பட்டையில் ஊன்றி, பந்தை மார்பருகே கொண்டுவந்து, ஒரு கணம் முழுமையாக அசைவற்று நிற்கிறார். பேட்டருக்கு எறிய வேண்டுமானால் இடது கால் மேலெழ வேண்டும். வலது குதிகால் தரையிலேயே இருக்கும். முதல் பேஸுக்கு எறிய வேண்டுமானால் உடலைச் சுழற்ற வேண்டும், அப்போது முதலில் எழுவது வலது குதிகால். எனவே இடது குதிகால் எழுந்தால் ஓட்டம், வலது குதிகால் எழுந்தால் திரும்பல். தோளையோ தலையையோ பார்ப்பவர் ஏமாறலாம். தலையைப் பிட்சர் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஊன்றிய குதிகாலை எடுக்காமல் அவரால் முதல் பேஸை நோக்கிச் சுழல முடியாது.

இடக்கைப் பிட்சர் ரன்னரைப் பார்த்தபடியே நிற்பவர். அவர் வலது காலைத் தூக்கிய பிறகும், பேட்டருக்கோ முதல் பேஸுக்கோ எறியும் உரிமை அவரிடம் உண்டு. அந்தக் கால் ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் மட்டும் முதல் பேஸுக்கு எறியக் கூடாது. எறிந்தால் பால்க் எனும் தவறாகி, ரன்னர் அடுத்த பேஸுக்கு இலவசமாகப் போவார். ஆனால் கால் பின்னே போகும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். அதனால் பல ரன்னர்கள் கால் எழுந்ததுமே ஊகத்தில் கிளம்புகிறார்கள். ஊகம் தவறி பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டாலும் நிற்காமல் ஓடுவதே நல்லது. முதல் பேஸ்காரர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தாக வேண்டும், அதிலும் தவறு நேரலாம்.

இவையெல்லாம் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து நடந்த இடம் 2004 அக்டோபர் 17, பாஸ்டனின் ஃபென்வே பார்க். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் 3-0 என முன்னிலை. நான்காம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸிலும் அவர்களே 4-3 என முன்னிலையில் இருந்தார்கள். வலக்கைப் பிட்சர் மரியானோ ரிவேரா நான்கு பால் எறிந்து கெவின் மில்லரை முதல் பேஸுக்கு அனுப்ப, மில்லருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். அவர் எதற்காக வந்தார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை அடுத்தடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். மூன்று முறையும் ராபர்ட்ஸ் திரும்பிவிட்டார்.

அந்த மூன்று எறிதல்களும் ரன்னருக்கே உதவின. நீண்ட நேரம் உட்கார்ந்திருந்த ராபர்ட்ஸின் கால்கள் சூடேறின. ரிவேராவின் திரும்பல் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு வேகம் என்பதை மூன்று முறை கண்முன் பார்த்துவிட்டார். பேட்டர் பில் மியூலருக்கு ரிவேரா எறிந்த முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் ஹோர்ஹே பொசாடாவின் எறிதல் நன்றாகவே வந்தது. பந்தைப் பிடித்த டெரெக் ஜீட்டர் தொடுவதற்குச் சற்று முன் ராபர்ட்ஸின் கை பேஸை எட்டியது. முதல் அசைவில் கொஞ்சம் தாமதித்திருந்தாலும் அவுட். மியூலர் அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன்செய்தார். 12ஆம் இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன்னில் பாஸ்டன் வென்றது. தொடரையும் அவர்களே கைப்பற்றினார்கள்.

இன்று ரிவேராவால் அப்படி மூன்று முறை எறிய முடிந்திருக்காது. 2023 முதல் மேஜர் லீக் விதிப்படி, ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறை மட்டுமே பேஸுக்கு எறியலாம் அல்லது ரப்பரை விட்டு இறங்கலாம். மூன்றாவது முயற்சியில் ரன்னர் அவுட்டாகாவிட்டால் பால்க். அதே ஆண்டில் பேஸ்களின் பக்க அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. அதனால் முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே நாலரை அங்குலம் குறைந்தது. ஓட்டத்தில் அது சுமார் 0.014 விநாடிதான். எறிதலுக்கு வந்த வரம்பே பெரிய மாற்றம். இரண்டு எறிதல்கள் முடிந்ததும் பிட்சருக்கு அடுத்து எறியத் துணிவு குறையும், ரன்னர் லீட்டை ஓரிரு அடி நீட்டலாம். 2022-இல் 2,486 ஆக இருந்த மொத்தத் திருட்டுகள் 2023-இல் 3,503 ஆயின.

ஆனாலும் புதிய விதி தருவது கூடுதல் அடிகளை மட்டுமே, அவற்றின் மதிப்பு அடிக்கு 0.04 விநாடி. ஸ்லைடு ஸ்டெப் கொண்ட பிட்சரும் 1.9 விநாடியில் எறியும் கேட்சரும் சேர்ந்தால் அந்த லாபம் உடனே தீர்ந்துவிடும். அவர்களை வெல்ல முதல் அசைவைப் படிக்கும் கண் வேண்டும். பெஞ்சில் இருக்கும்போதே பிட்சரின் கால்களைப் பார்த்து, அவர் அசையாமல் எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை முறை முதல் பேஸைப் பார்த்துவிட்டு எறிகிறார் என்று மனதில் குறித்துக்கொள்பவருக்கு, பேஸுக்கு வரும்போது அந்த வேலையில் பாதி முடிந்திருக்கும்.