பன்னிரண்டு இலட்சம் ரூபாய் உத்தரவாதம்

என் கட்சிக்காரர் ஜிந்துப்பிட்டியில் பட்டறை வைத்திருக்கும் கூரை ஒப்பந்தக்காரர். ஒரு தனியார் நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு இரண்டு கோடி நாற்பது இலட்சம் ரூபாய்க்குக் கூரை மாற்றிக் கொடுத்திருந்தார். அதில் 5 வீதம், அதாவது பன்னிரண்டு இலட்சத்துக்கு, அவருடைய வங்கி அந்த நிறுவனத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தது. அதற்கு ஈடாக அவருடைய நிலையான வைப்பை வங்கி பிடித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிஷனும் அறவிட்டது.

வேலையைப் பொறுப்பேற்ற நாளிலிருந்து 365 நாள் குறைபாட்டுக் காலம். அதற்குப் பின் 28 நாள் வரை உத்தரவாதம் செல்லும். குறைபாட்டுக் காலம் முடிந்தது. ஒரு முறைப்பாடும் வரவில்லை. உத்தரவாதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று இவர் வாயால் கேட்டார், தொலைபேசியில் கேட்டார். எழுத்தில் கேட்கவில்லை. காலாவதியாக ஒரு வாரம் இருக்கும்போது நிறுவனம் வங்கிக்கு எழுதியது: உத்தரவாதத்தை மூன்று மாதம் நீடியுங்கள், இல்லையேல் பணத்தைக் கொடுங்கள்.

புதுக்கடையில் என் அறைக்கு வந்தவர் கொதித்துப் போயிருந்தார். "ஒரு ஓட்டை ஒழுக்கு இல்ல சேர். கோர்ட்ல தடை உத்தரவு எடுத்திருவோம்."

"முதலாளி, வங்கிக்கு உங்கட கூரை ஒழுகுதா இல்லையா என்பது தேவையில்லை," என்றேன்.

இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். கேட்டவுடன் கொடுக்கும் உத்தரவாதம், கட்டட ஒப்பந்தத்திலிருந்து தனித்து நிற்பது. எட்வர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய நிறுவனம் லிபியாவில் பசுமைக்குடில் அமைக்க ஒப்புக்கொண்டது. வாங்குபவர்கள் தாங்கள் தரவேண்டிய நாணயக் கடிதத்தை ஒப்பந்தத்தில் சொன்னபடி தரவேயில்லை. அப்படியிருந்தும் உத்தரவாதப் பணத்தைக் கேட்டார்கள். லோர்ட் டெனிங் அமர்ந்த மேன்முறையீட்டு நீதிமன்றம் 1977இல், வங்கி கொடுக்கத்தான் வேண்டும் என்றது. வெளிப்படையான மோசடி இருந்து, அது வங்கிக்கும் தெரிந்திருந்தால் மட்டுமே விலக்கு. எங்கள் நீதிமன்றங்களும் இந்த வழியிலேயே போகின்றன. எங்கள் கையிலோ மோசடிக்கு ஆதாரம் எதுவும் இல்லை. தடை உத்தரவு மறுக்கப்பட்டிருந்தால் பன்னிரண்டு இலட்சமும் அன்றே போயிருக்கும்; பிறகு அதை மீட்க நடுத்தீர்ப்பு என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும்.

ஆகவே நீடிக்கச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நீடிப்புக்குச் செலவு மூன்று மாதக் கமிஷன் மட்டுமே.

நிறுவனத்தின் நிதி முகாமையாளரிடம் நேரே கேட்டபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவருக்கு எங்கள்மேல் பகை எதுவும் இல்லை. பொறியியலாளரின் இறுதிச் சான்றிதழ் கோப்பில் இல்லாமல் உத்தரவாதத்தை விட்டால் கணக்காய்வில் அவர் மாட்டிக்கொள்வார். பொறியியலாளரோ வேறு வேலைத்தளத்துக்குப் போய்விட்டார். சான்றிதழ் கொடுக்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி நாள் முடிவதால் மட்டும் உத்தரவாதம் விடுபடாது. சான்றிதழ் கிடைத்து 21 நாளுக்குள் நிறுவனம் அதைத் திருப்பித் தரவேண்டும் என்பதே அங்கிருந்த வாசகம்.

அதனால் என் முதல் கடிதம் நிறுவனத்துக்குப் போகவில்லை, பொறியியலாளருக்குப் போனது, பிரதி நிறுவனத்துக்கு. பொறுப்பேற்ற திகதி, குறைபாட்டுக் காலம் முடிந்த திகதி, இடையில் குறைபாட்டு அறிவித்தல் எதுவும் வராதது ஆகியவற்றை எழுதி, கூட்டாகப் பார்வையிட ஒரு நாள் கேட்டேன். மிரட்டும் சொல் ஒன்றும் இல்லை. வக்கீல் கடிதம் என்றால் காரமாக இருக்கவேண்டும் என்று என் கட்சிக்காரர் குறைப்பட்டார். பணம் கேட்கும் உரிமை இன்னும் மற்றவர் கையில் இருக்கும்போது காரம் எதற்கு?

பார்வையிட்ட அன்று வடக்கு மூலையில் ஒழுக்கு இருப்பதாகக் களஞ்சியப் பொறுப்பாளர் காட்டினார். என் கட்சிக்காரரின் முகம் செத்துவிட்டது. பொறியியலாளர் ஏணி வைத்து ஏறினார். குளிரூட்டிக் குழாய் கொண்டுபோக யாரோ பின்னர் தகட்டில் துளையிட்டு, சுற்றிலும் அடைக்காமல் விட்டிருந்தார்கள். கூரை வேலையில் பொருத்திய திருகுகளும் தகட்டின் மேலடுக்குகளும் இறுக்கமாகவே இருந்தன. அதை அங்கேயே குறிப்பெழுதி, இரு தரப்பிடமும் கையொப்பம் வாங்கினார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்தத் துளை எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

சான்றிதழ் வந்தபின் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு கேட்டேன்: உத்தரவாதத்தின் மூலப்பத்திரம், தங்களுக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வங்கிக்கு முகவரியிட்ட கடிதம். காலாவதியானால் போதும் என்று சிலர் இருந்துவிடுவார்கள்; மூலப்பத்திரம் வராமல் ஈட்டு வைப்பை விடுவிக்க வங்கிகள் இழுத்தடிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நீடித்த மூன்று மாதம் முடியுமுன்னரே இரண்டும் கைக்கு வந்தன. வங்கி வைப்பை விடுவித்தது. நீடிப்புக் கமிஷனை நிறுவனம் தரவில்லை. அதற்காக வழக்குப் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.