ஒட்டிக்கொண்டு வரும் கலோரி

"ஏன் மதினி, பச்சைக் கறியில 120 கலோரின்னு போட்டிருக்கு. அதையே அவிச்சா 150ங்குது. வெறும் தண்ணியில எங்கிருந்து வந்துச்சு அந்த 30?"

கேட்டவள் என் நாத்தனார். உடம்பைக் குறைக்கவென்று ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு அவித்த கோழிக்கு மாறியிருந்தாள். கையில் போன், அடுப்பில் குக்கர். கலோரி பற்றிப் பேசுகிற பலரும் கேட்காமலே தாண்டிப்போகிற கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வறுத்தது, சுட்டது, அவித்தது என்ற சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த எண்களில் தப்பு ஒன்றுமில்லை. உலகம் முழுக்கப் புழங்குகிற உணவு அட்டவணை அமெரிக்க வேளாண்மைத் துறையினுடையது. அதில் தோல் நீக்கிய நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 120 கலோரி. தண்ணீரில் அவித்தால் 151. ஓவனில் வைத்து உலர்ந்த சூட்டில் வாட்டினால் 165. மூன்றுமே 100 கிராமுக்கு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். சூடு ஏறியதும் சதை சுருங்கி, துணியைப் பிழிந்ததுபோல் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அரைக் கிலோ கறி பானையில் அவிந்து வரும்போது 370 கிராம் அளவுக்கு வந்து நிற்கும். தணலில் வாட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. ஆகவே மிஞ்சிய கறியின் ஒவ்வொரு கிராமிலும் சத்து நெருக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. கலோரி கூடவில்லை, எடை குறைந்திருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அரைக் கிலோ பச்சை நெஞ்சுக்கறி 600 கலோரி. அவித்து 370 கிராமானால், 151 வீதம் 560க்குப் பக்கத்தில் வரும். வாட்டி 360 கிராமானால், 165 வீதம் 594. அவித்ததில் காணாமல் போன நாற்பது சொச்சம் பெரும்பாலும் பானைத் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரை மிளகு தட்டிப் போட்டு சூப்பாகக் குடித்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். எண்ணெய் படாத வரைக்கும் அவித்தாலும் சுட்டாலும் வாட்டினாலும் ஒரே கோழிக்கு ஒரே கணக்குதான். ருசியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். என் வாக்கு சுட்டதற்கே.

கணக்கு பிசகுவது வேறிடத்தில். பச்சையாக 200 கிராம் நிறுத்துவிட்டு, வாட்டிய கறியின் 165ஆல் பெருக்கினால் 330 வருகிறது. உண்மையில் தின்றது 240. மாற்றியும் நடக்கும்: வாட்டிய துண்டுகளைத் தட்டில் வைத்து 200 கிராம் நிறுத்து, பச்சைக் கறியின் 120ஐப் போட்டால் 240 என்று மனது குளிரும், உள்ளே போனது 330. பச்சையாக நிறுத்தால் பச்சை எண், வெந்தபின் நிறுத்தால் வெந்த எண், அவ்வளவுதான். அட்டவணையில் இருப்பது எலும்பு நீங்கிய கறி என்பதும் நினைவில் இருக்கட்டும். கடைக்காரர் நிறுத்துப் போடுகிற கிலோவில் எலும்பும் சேர்ந்து வரும். நான் சாப்பிட்டு முடித்தபின் தட்டில் கிடக்கும் எலும்பை நிறுத்துக் கழித்துவிடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது தோல். நம் ஊர்க் கறிக்கடையில் தோலோடு ஒரு விலை, தோல் உரித்து ஒரு விலை. அதே அட்டவணையில் பச்சைத் தோல் மட்டும் 100 கிராமுக்கு 349 கலோரி. அதில் பெரும்பகுதி கொழுப்பு. வாட்டிய நெஞ்சுக்கறி தோலோடு 197, தோல் இல்லாமல் 165. சாயங்காலம் கடைவாசலில் கம்பியில் கோத்துச் சுற்றுகிற கிரில் சிக்கன் தோலுள்ள கோழி. சுற்றச் சுற்றத் தோலின் கொழுப்பு உருகி, மேல்வரிசைக் கோழியிலிருந்து கீழ்வரிசைக் கோழிமேல் சொட்டி, கடைசியில் அடித்தட்டில் தேங்குகிறது. கொஞ்சம் போய்விடுகிறது, கொஞ்சம் கீழ்க்கோழிக்கு மினுமினுப்பு தருகிறது. அதற்காக கிரில்லை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தேகம் பக்கத்தில் வைக்கிற மயோனைஸ் கிண்ணத்தின்மேல்தான். சாதாரண மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி 90 கலோரி அளவுக்கு வரும். இரண்டு கரண்டி தொட்டுத் தின்றால், தோலை உரித்து ஒதுக்கிய புண்ணியம் போய்விட்டது.

இனி எண்ணெய்ச் சட்டிக்கு வருவோம். அதே அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் சிக்கன் 65 போடுவதாக வைத்துக்கொள்வோம். கறி 600 கலோரி. கார்ன்பிளவர், மைதா, அரிசி மாவு எல்லாம் சேர்த்து 60 கிராம். அது சுமார் 210. ஒரு முட்டை 70. மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் கணக்கில் பெரிதாக நிற்காது. எண்ணெய் 45 கிராம் ஏறியிருந்தால், கிராமுக்கு 9 வீதம் 405. கூட்டினால் 1,285. பொரித்து அள்ளியபின் மொத்தம் 490 கிராம் அளவுக்கு இருக்கும். அப்படியானால் 100 கிராமுக்கு 260 கலோரி. கோழி ஒரு கிராம்கூடக் கூடவில்லை, கலோரி இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 320. அவித்தே தின்றிருந்தால் சூப்போடு சேர்த்து 150.

அந்த 45 கிராமை வீட்டிலேயே அளக்க முடியும். எண்ணெயோடு சட்டியை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும். பொரித்து முடித்து, ஆறியபின், உதிர்ந்த மாவுத்தூளை வடித்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்ததில், வடிய வைத்த காகிதம் குடித்த எண்ணெயைக் கழித்தால் மிச்சம் கோழியோடு போனது. அடுப்பைச் சுற்றித் தெறித்தது கொஞ்சம் இருக்கும், ஆகவே துல்லியம் கிடையாது. ஆனாலும் கண்மதிப்பைவிட மேல். மில்லிலிட்டரில் அளப்பது உதவாது. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டிலேயே 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் அளவுக் குவளை இன்னும் ஏமாற்றும். தராசுதான் சரி.

எண்ணெய் எப்போது ஏறுகிறது என்பதில்தான் சமையற்கட்டுக்குப் பயனுள்ள சங்கதி இருக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் கிடக்கும்போது என்றுதான் நினைப்போம். துண்டைப் போட்டதும் சுற்றிலும் சளசளவென்று குமிழி வருகிறதே, அது மாவிலும் கறியிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புக வழி குறைவு. அள்ளி வெளியே எடுத்ததும் கதை மாறுகிறது. மேலோடு ஆறத் தொடங்க, உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அது விட்ட இடத்துக்குள் மேலே ஒட்டியிருந்த எண்ணெய் இழுக்கப்படுகிறது. உருளைக்கிழங்கு வறுவலில் சாயம் கலந்த எண்ணெயை வைத்துச் சோதித்தவர்களும் பெரும்பகுதி எண்ணெய் சட்டியிலிருந்து எடுத்தபிறகே உள்ளே போவதாகக் கண்டார்கள்.

அதனால் ஜல்லிக் கரண்டியில் அள்ளியதும் சட்டிக்கு மேலேயே நாலு தட்டுத் தட்டி, சூடு ஆறுமுன் கம்பித் தட்டில் பரப்பிவிட வேண்டும். மேலே ஒட்டியிருப்பது வடிந்துவிட்டால் இழுக்க ஒன்றும் இருக்காது. கிண்ணத்தில் குவித்துப் போட்டால் அடியில் கிடக்கும் துண்டுகள் மேலே இருந்து வழிவதையும் சேர்த்துக் குடிக்கும். சட்டி நிறையத் துண்டுகளைக் கொட்டினாலும் கேடுதான். சூடு இறங்கி, குமிழி தளர்ந்து, மேலோடு கட்டிப்படாமல் நெடுநேரம் கிடக்கும். அப்படி வந்த துண்டைப் பிட்டால் மொறுமொறுப்புக்குப் பதில் நசநசப்பு, விரல் பட்ட காகிதத்தில் கறை. கடைகளில் பகலில் அரைவேக்காடாகப் பொரித்து வைத்து, ஆள் வந்தபின் மறுபடி எண்ணெயில் போட்டுத் தருவதுண்டு. வெளியே எடுத்து ஆறுவது அங்கே இரண்டு தடவை நடக்கிறது.

ஏறுகிற எண்ணெய் கறிக்குள் அதிகம் போவதில்லை, பெரும்பாலும் மேலோட்டிலேயே தங்கிவிடுகிறது. இதற்குச் சாட்சி அட்டவணையிலேயே இருக்கிறது. மாவுக் கரைசலில் தோய்த்துத் தோலோடு பொரித்த நெஞ்சுக்கறி 100 கிராமுக்கு 260. பொரித்த நெஞ்சுக்கறியில் மேலோட்டையும் தோலையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் அளந்தால் 187. வாட்டியதற்கு 165 என்று பார்த்தோம். வித்தியாசம் 22தான். விருந்துக்குப் போன இடத்தில் வேறு வழியில்லையென்றால் மேலோட்டை ஒதுக்கிவிட்டுச் சதையைத் தின்னலாம். யாரும் கவனிக்காதபோது செய்வது நல்லது. சமைத்தவருக்கு மனது நோகும், ருசி முழுக்க அங்கேதானே இருக்கிறது.

கரைசலாக இல்லாமல் உலர்ந்த மாவில் புரட்டி, உதறிவிட்டுப் பொரித்தால் அதே தோலோடுள்ள நெஞ்சுக்கறி 222. கரைசலில் தண்ணீர் அதிகம், மாவும் கனமாக ஒட்டும். அந்தத் தண்ணீர் வெளியேறிய இடத்தையெல்லாம் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பூச்சில் அதற்கு இடம் குறைவு. ஆனால் இந்த லாபம் கோழியின் எல்லாப் பாகத்திலும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. தொடையில் கரைசலுக்கு 277, உலர்மாவுக்கு 262. இறக்கையில் 324க்கு 321. இறக்கை சின்னது, சதை கொஞ்சம், தோல் நிறைய. கொழுப்பு ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறது. மாவைக் குறைக்கிற சிரமத்தை நெஞ்சுக்கறியில் படுங்கள். இறக்கையில் பட்டால் 100 கிராமுக்கு மிஞ்சுவது 3 கலோரி.