அட்டவணையில் ஒரு விதிவிலக்கு

பல் மருத்துவ இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் இளையோர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிலைப்பற்களின் கால அட்டவணையை எப்படி மனத்தில் நிறுத்துவது? என் அனுபவத்தில் கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் எழுதிய தாள் 3 மணி நேரம், 70 மதிப்பெண். 10 மதிப்பெண் வினாக்கள் இரண்டு. 5 மதிப்பெண் குறுங்குறிப்புகள் பத்து. நெடுவினா ஒன்றுக்கு 25 நிமிடம் ஒதுக்கினால், குறுங்குறிப்பு ஒன்றுக்கு 12 நிமிடமே கிடைக்கும். மீந்த 10 நிமிடம் சரிபார்க்க. ஆகவே திருப்புதல் திட்டம் பக்கக் கணக்கில் அமைவதைவிட இந்த 12 நிமிட அளவில் அமைவதே பொருத்தம்.

பாடநூல்களில் நாம் காணும் அட்டவணை, லோகனும் குரோன்ஃபெல்டும் 1933இல் வெளியிட்ட ஆய்வின் வழிவந்தது. கால்சியம் படியத் தொடங்குவது, மகுடம் முழுமையடைவது, வாயில் முளைப்பது, வேர் முழுமையடைவது என நான்கு பத்திகள். இவற்றில் கடைசிப் பத்தியைத் தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. முளைத்து ஏறக்குறைய 3 ஆண்டுகளில் வேர் முழுமையடையும் என்று கொண்டால் போதும். 6–7 வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் 9–10 வயதில் முடிகிறது.

முதல் பத்திதான் உண்மையில் கருத்தூன்ற வேண்டியது. முதல் கடைவாய்ப்பல்லில் பிறப்பின்போதே கால்சியம் படியத் தொடங்குகிறது. நடு வெட்டுப்பற்களுக்கு 3–4 மாதம். கோரைப்பற்களுக்கு 4–5 மாதம். கீழ்த்தாடைப் பக்க வெட்டுப்பல்லும் 3–4 மாதத்திலேயே தொடங்கிவிடும். மேல்தாடைப் பக்க வெட்டுப்பல் மட்டும் 10–12 மாதம் வரை காத்திருக்கிறது. எல்லா எண்களையும் ஒரே எடையோடு மனனம் செய்பவருக்கு இந்த ஒற்றை விலகல் கண்ணில் படுவதில்லை. அட்டவணையின் மருத்துவப் பொருளோ பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பத்து வயதுக் குழந்தையின் மேல்தாடை நடு வெட்டுப்பற்களில், வெட்டுமுனையை ஒட்டி, குழிகள் நிரம்பிய கிடைக்கோடு ஒன்று இருபுறமும் ஒரே உயரத்தில் தெரிகிறது. கீழ் வெட்டுப்பற்களிலும் அப்படியே. முதல் கடைவாய்ப்பற்களின் முகடுகளை அடுத்தும், முளைத்துவரும் கீழ்க் கோரைப்பல்லின் நுனியிலும் எனாமல் குறைபட்டிருக்கிறது. ஆனால் மேல் பக்க வெட்டுப்பற்கள் பழுதின்றி இருக்கின்றன. அந்தப் பற்கள் உருவாகத் தொடங்கும் முன்பே, அதாவது குழந்தையின் முதல் ஆண்டிற்குள், உடல் முழுவதையும் தாக்கிய ஏதோவொரு நோயோ ஊட்டக் குறைவோ வந்து போயிருக்கிறது என்று அட்டவணை சொல்கிறது. தாயிடம் எந்த மாதங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. குறை ஒரே ஒரு பல்லில் மட்டும் இருந்தால் கதை வேறு: அதற்கு மேலிருந்த பால்பல்லின் சீழோ அடியோ காரணமாகலாம். அதுவே டர்னர் பல்.

தேர்வில் வரைய வேண்டிய படமும் இதுவே. மேல் வெட்டுப்பற்கள் நான்கையும் முன்புறத் தோற்றத்தில் வெறும் புறக்கோடாக வரைந்து, நடுப்பற்கள் இரண்டிலும் கிடைக்கோட்டைத் தீட்டி, பக்கப்பற்களை வெறுமையாக விட்டுவிடலாம். பக்கப்பல் சற்றுக் குறுகலானது, அதன் வெளிமூலை உருண்டிருக்கும் என்ற இரண்டைக் காட்டினால் போதும். நிழலிட்டு அழகுபடுத்துவதில் இரண்டு நிமிடம் கரைந்துவிடும். அதற்கு மதிப்பெண் இல்லை.

12 நிமிடத்தை நான் இப்படிப் பிரித்துக்கொண்டேன்: தலைப்புகளைக் குறிக்க ஒன்று, சுருங்கிய அட்டவணைக்கு நான்கு, படத்துக்கு மூன்று, மருத்துவ முக்கியத்துவத்துக்கு நான்கு. மூன்றாம் கடைவாய்ப்பல் வரை முழு அட்டவணையையும் எழுத முயல்பவர் கடைசிப் பகுதியை எட்டுவதே இல்லை. கடிகாரம் வைத்துப் பயிலும்போது மணி அடிக்கையில் பேனா எங்கே நிற்கிறது என்று பார்த்தால், குறை மனப்பாடத்திலா பங்கீட்டிலா என்பது விளங்கும்.

அட்டவணையை வெற்றுக் கட்டங்களில் நினைவிலிருந்து நிரப்ப வேண்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என இடைவெளி விட்டு. வரிசையாக ஒப்பிக்க முடிவதை அறிவென்று நம்பக்கூடாது. வினாவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மூன்று வயதில் எந்த நிலைப்பல்லின் மகுடம் முடிந்திருக்கும்? முதல் கடைவாய்ப்பல் மட்டுமே என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் அட்டவணை வசப்பட்டுவிட்டது. வாய்மொழித் தேர்விலும் கேள்விகள் பெரும்பாலும் வயதிலிருந்துதான் தொடங்கும். நோயாளியும் அப்படித்தான் வருகிறார்.