செம்மண் ரோடும் வெள்ளைச் சுவரும்

வீடு கட்டினா காம்பவுண்டு சுவர் வெள்ளையாத்தான் இருக்கணும்னு அப்பா ஒரே பிடிவாதம். புதுக்கோட்டைப் பக்கம், தார் போடாத செம்மண் ரோட்டை ஒட்டி வீடு. 3 மாசத்துல சுவர் காவி கட்டிக்கிச்சு. எனக்கு அது பெரிசில்லைங்க. ஆனா 72 வயசுல மனுஷர் தினம் காலையில வாளியும் துணியுமா குனிஞ்சு சுவரைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டார். ஒருநாள் நிமிர முடியாம கேட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், கலரை மாத்தணும்னு.

வெள்ளையிலதானே அழுக்கு தெரியுதுன்னு (என் மேதாவித்தனம்!) முதல்ல கேட் தூண் ரெண்டுக்கும் அடர் சாம்பல் அடிச்சேன். அது இன்னும் மோசம். காய்ஞ்ச தூசி வெளிர் நிறம். அடர் நிறத்து மேல அது படிஞ்சா பவுடர் பூசின மாதிரி பளிச்சுனு தெரியுது. தங்கமணி ஒண்ணும் சொல்லலை, சிரிச்சாங்க, அவ்வளவுதான் :-)

அப்புறம்தான் பெயிண்டர் அண்ணன் வழி சொன்னார். ரோட்டோரத் தூசியை ஒரு கை அள்ளி, சலிச்சு, தண்ணி விட்டுக் கொழைச்சு, வெள்ளை அட்டையில தடவி நல்லா காய விட்டோம். ஈரத்துல மண்ணு கறுத்துத் தெரியும், அதை நம்பக்கூடாது. காய்ஞ்ச நிறத்தை ஷேடு கார்டு பக்கத்துல வச்சு, அதுக்குக் கிட்ட வர்ற 3 நிறத்தைப் பொறுக்கினோம். ஒவ்வொண்ணையும் சுவர்ல 2 அடிச் சதுரமா அடிச்சு, 2 வாரம் தொடாம விட்டோம். அப்புறம் ஒவ்வொரு சதுரத்துலயும் பாதியை மட்டும் ஈரத்துணியால துடைச்சு, காய்ஞ்சதும் பார்த்தோம். துடைச்ச பாதிக்கும் துடைக்காத பாதிக்கும் எதுல வித்தியாசம் குறைச்சலோ அதுதான் நம்ம கலர். எங்களுக்கு அமைஞ்சது செங்கல்பொடியில மோர் கலந்த மாதிரி ஒரு நிறம். இதே நிறத்தைக் கோவில்பட்டிக் கரிசல் ரோட்டுல அடிச்சா எடுபடாது. அங்க அந்த மண்ணைத்தான் கொழைக்கணும்.

மழை பெஞ்சா மண்ணு தெறிக்கிற அடி 2 அடிக்கு அதே நிறத்துல ஒரு படி அடர்த்தியா அடிச்சோம். சொரசொரப்பான டெக்ஸ்சர் வேணாம், குழியில தூசி உக்காந்துக்கும். வழவழப்பான எக்ஸ்டீரியர் எமல்ஷன்னா மழையே பாதி கழுவி விட்டுடும்.

கலர் மாத்தியும் ஒண்ணு மட்டும் போகலை. தூண்ல மேலிருந்து கீழ வரி வரியா கறை. தூண் தலை தட்டையா இருந்ததால தூசி அங்கேயே தங்கி, முதல் மழையில கரைஞ்சு முகத்துல வழியுது. இதுக்கு எந்தக் கலரும் உதவாது. கொத்தனாரைக் கூப்பிட்டு, தலையைச் சரிவாக்கி, 2 அங்குலம் வெளிய நீட்டி, நீட்டின பாகத்துக்கு அடியில ஓரமா ஒரு சின்னப் பள்ளக்கோடு இழுக்கச் சொன்னேன். தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டி சுவர் பக்கம் வராம அங்கேயே சொட்டிடுது. இதை முதல்லயே செஞ்சிருந்தா ஒரு பெயிண்ட் கூலி மிச்சம்.

இப்ப வாளி கிணத்தடியில கிடக்கு. அப்பா, "உள்பக்கமாவது வெள்ளை இருக்கட்டும்டா"ன்னார். இருக்கட்டும்னு விட்டுட்டேன்.