சாக்பீஸ் மாதிரி உடைஞ்ச இரும்பு

ஒரு முழு சாக்பீஸை எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு, வளைக்காம, துணி பிழியற மாதிரி முறுக்குங்க. உடைஞ்ச முகத்தைப் பாருங்க. நேரா இருக்காது. 45 டிகிரி சாய்வுல, சுருள் படிக்கட்டு மாதிரி சுத்திக்கிட்டு வரும். இப்போ இன்னொரு சாக்பீஸை வளைச்சு உடைங்க. குறுக்கே, தட்டையா உடையும். நான் சொல்ல வர்ற கதைக்கு இந்த ரெண்டு துண்டும்தான் சாட்சி.

திருமழிசை சிட்கோ எஸ்டேட்ல மாமா ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில சூப்பர்வைசர். அங்க மணல் கலக்குற டிரம்மை ஒரு எச்.பி. கியர் மோட்டார் சுத்தும், நிமிஷத்துக்கு 30 சுத்து. அதோட ஸ்டீல் தண்டு தேய்ஞ்சு போனதால, அவசரத்துக்கு பட்டறையிலேயே வார்த்த 25 மி.மீ. வார்ப்பிரும்புத் தண்டைக் கடைஞ்சு மாட்டியிருந்தாங்க. நான் லீவுக்குப் போன அன்னைக்கு அது உடைஞ்சு கிடந்தது. பழி விழுந்தது டிரம்மைக் கவனிக்கிற பையன் மேல. "மணல் இறுகினதும் சம்மட்டியால தட்டியிருப்பான். சம்பளத்துல பிடிக்கச் சொல்லிட்டாங்க"ன்னார் மாமா. "தட்டவே இல்லண்ணே"ன்னான் அவன்.

முதல்ல நானும் மாமா சொன்னதைத்தான் நம்பினேன். வார்ப்பிரும்புன்னாலே அடிச்சா உடையும்னுதானே நமக்குத் தெரியும்? அப்புறம்தான் துண்டைக் கையில எடுத்தேன். சுருள்.

சம்மட்டி அடி பக்கவாட்டுல விழுந்தா தண்டு வளையும். வளைஞ்சா ஒரு பக்கம் நீளவாக்குல இழுவை, அதுக்குச் செங்குத்தா விரிசல், அதாவது குறுக்கே தட்டையா உடையும். முறுக்கும்போது கதை வேற. தண்டோட மேற்பரப்புல ஒரு சின்ன சதுரம் வரைஞ்சதா நினைச்சுக்கோங்க. முறுக்கினா அது சாய்சதுரமா இழுபடும். ஒரு மூலைவிட்டம் நீளும், இன்னொண்ணு சுருங்கும். நீளற திசையில முழு இழுவை, சுருங்குற திசையில அதே அளவு அமுக்கம். ரெண்டோட மதிப்பும் ஷியர் ஸ்ட்ரெஸ்ஸுக்குச் சமம். இழுவைக்குச் செங்குத்தா விரிசல் ஓடுது, அதான் 45 டிகிரி.

இதைத்தான் ரேங்கினோட மேக்ஸிமம் நார்மல் ஸ்ட்ரெஸ் தியரி சொல்லுது: பெரிய இழுவை அழுத்தம் பொருளோட இழுவிசை வலிமையைத் தொட்டா அது உடையும். ஷிக்லி புத்தக அட்டவணையில 20ஆம் கிரேடு சாம்பல் வார்ப்பிரும்புக்கு இழுவை வலிமை 152 MPa. அதை நம்ம தண்டுக்குப் போட்டுப் பாருங்க:

T = π d³ τ / 16 = π × 25³ × 152 / 16 ≈ 466 N·m

ஒரு எச்.பி. மோட்டார் 30 சுத்துல சாதாரணமா கொடுக்கிறது 240 N·m கிட்ட. திடீர்னு சிக்கினா அது ரெண்டு, ரெண்டரை மடங்கு வரைக்கும் தள்ளும். தண்டு போக அது போதும். (அதே அட்டவணையில முறுக்கு வலிமை 179 MPaன்னு இருக்கு. தியரி கொஞ்சம் பயந்த கணக்கு போடுது, அது நமக்கு நல்லதுதான்.)

மாமா விடல. "அதே அளவு அமுக்கமும் இருக்குன்னியே, அது ஏன் உடைக்கல?" நல்ல கேள்வி. வைவாவுல எங்க பாதிப் பேர் இங்கதான் மாட்டுவோம். இந்த இரும்புக்கு அமுக்க வலிமை 572 MPa, இழுவையைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. உள்ள இருக்கிற கிராஃபைட் செதில்கள் இழுத்தா பிளவா திறக்கும், அமுக்கினா மூடிக்கும். அதனால முறுக்குல இழுவை முந்திக்குது.

ஆனா இந்தத் தியரியை எல்லாத்துக்கும் இழுத்துட்டுப் போகாதீங்க. லேப்ல வார்ப்பிரும்பு உருளையை அமுக்கினா அது சாய்வான தளத்துல சறுக்கி உடையும். அந்தத் தளத்துல இழுக்கிறதுக்கு எதுவுமே இல்ல, அமுக்கமும் ஷியரும்தான். 572ங்கிற எண்ணை வேணா தியரியில போட்டுக்கலாம், ஏன் சாய்வா உடைஞ்சதுன்னு அதால சொல்ல முடியாது. அங்க கூலம்ப்-மோர் வேணும். எங்க ரெக்கார்டுல ரெண்டு சோதனைக்கும் "ரேங்கின் தியரிப்படி"ன்னு ஒரே வரி எழுதி, கையெழுத்தும் வாங்கியிருக்கோம்!

சுருள் ஒண்ணை மட்டும் வச்சு, வார்ப்பு மோசமா இல்லையான்னு சொல்ல முடியாது. அதனால உடைஞ்ச முகத்தை வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சாம்பல் நிறம், ஒரே மாதிரி மணிமணியா இருந்தது, காத்துக் குழி எதுவும் இல்ல. அப்போ மிச்சம் சிக்கல்தான். மாமா டிரம்மைக் காலி பண்ணச் சொன்னார். மணலோட மணலா, ரன்னர்ல இருந்து உடைஞ்ச ஒரு வார்ப்புத் துண்டு, பிளேடுக்கும் சுவருக்கும் நடுவுல ஆப்பு மாதிரி இறுகியிருந்தது.

மாமா ஒண்ணும் பேசல. துண்டை எடுத்துக்கிட்டு நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனார். அந்தச் சனிக்கிழமை பையனுக்கு முழுச் சம்பளம் வந்தது. தண்டு இப்போ ஸ்டீல். மணலை டிரம்முல கொட்டறதுக்கு முன்னாடி சல்லடையில போடறாங்களாம்.