கூட்டல் சரியாக இருக்கிறது

டிசம்பர் 2

கூர்ந்தாய்வுக்கு வந்த கட்டுகளில் ஒன்று மனசை விட்டு அகலவில்லை. கூர்ந்தாய்வு என்பது கூட்டலைச் சரிபார்க்கும் வேலை. முகப்புத் தாளில் கேள்விவாரியாக ஏறிய மதிப்பெண் உள்ளே போட்டதோடு ஒத்துப்போகிறதா, திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா, மொத்தம் சரியா என்பதோடு அது முடிந்துவிடும். இந்தக் கட்டின் நாற்பது தாளிலும் கூட்டல் சரியாக இருக்கிறது. முறைப்படி நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். போடவும் செய்தேன். ஆனால் முதல் இருபது தாளுக்கு ஒரு கையும் அடுத்த இருபதுக்கு இன்னொரு கையும் மதிப்பெண் போட்டதுபோல் இருக்கிறது. தேர்வாளர் ஒருவரே, நாளும் ஒன்றே; முதல் பாதி காலை அமர்வு, மறுபாதி பிற்பகல். துறைத்தலைவருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவர்தான் தேர்வுக் குழுத் தலைவரும்.

டிசம்பர் 3

வில்பட்டியில் இன்று பகல் முழுக்க மூடுபனி. தாள்கள் முகாமை விட்டு வெளியே வரக்கூடாது, வரவும் இல்லை. என்னிடம் இருப்பது டம்மி எண்கூட இல்லாத மதிப்பெண் வரிசை மட்டும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்ல முடியும் என்று பார்க்கிறேன். வினாத்தாள் 75 மதிப்பெண்ணுக்கு: அ பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஆ பிரிவில் ஐந்து மதிப்பெண் விடைகள் ஐந்து, இ பிரிவில் பத்து மதிப்பெண் விடைகள் மூன்று. தேர்ச்சிக்கு 30 வேண்டும். அ பிரிவின் சராசரி முதல் பாதியிலும் 13, இரண்டாம் பாதியிலும் 13. இ பிரிவின் சராசரி முதல் பாதியில் 19, இரண்டாம் பாதியில் 14. பின்னால் வந்த மாணவர்கள் உண்மையிலேயே படிக்காதவர்கள் என்றால் அ பிரிவும் கொஞ்சமாவது சரிந்திருக்க வேண்டும். சரியாத பகுதி சின்ன விடைகள். விடைக்குறிப்பைப் பார்த்தால் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். சரிந்த பகுதி நீளமான விடைகள். அங்கே தேர்வாளரின் தீர்ப்புக்கு இடம் அதிகம். மாறியது தேர்வாளரின் அளவுகோல் என்பதற்கு இது முதல் சான்று.

இதை மறுக்கவும் முடியும். இரண்டு மதிப்பெண் விடையை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள், நீள விடையில்தான் தரம் தெரியும், ஆகவே இரண்டாம் பாதி நிஜமாகவே பலவீனமான பிள்ளைகளாக இருக்கலாம் என்று கேட்டால், சராசரிகளை மட்டும் வைத்து அதற்குப் பதில் இல்லை. பதில் முகாமில் நான் பார்த்த தாள்களுக்குள்ளேயே இருக்கிறது. சோலைக்காடும் புல்வெளியும் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு விடைக்குறிப்பில் ஐந்து கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு: மலை மடிப்புகளில் மட்டும் சோலை நிற்பது, உறைபனி திறந்தவெளியில் மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது, காற்றும் மண்ணும், புல்வெளியில் வாட்டில், பைன் மரங்களை நட்டது, அதனால் நீரோடைகளுக்கு நேர்ந்தது. ஆறாவது தாளிலும் முப்பத்து மூன்றாவது தாளிலும் காற்று, மண் தவிர மற்ற நான்கும் இருக்கின்றன. இரண்டிலும் ஓரத்தில் நான்கு சிவப்பு டிக். ஆறாவதற்கு 8, முப்பத்து மூன்றாவதற்கு 5. கருத்து இருக்கிறது என்று தேர்வாளரே ஒப்புக்கொண்டு டிக் போட்டிருக்கிறார். மதிப்பெண் மட்டும் குறைந்திருக்கிறது. மற்றத் தாள்களிலும் இ பிரிவு டிக்குகள் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மாணவர்கள் மாறியிருந்தால் டிக்குகளும் குறைந்திருக்கும்.

டிசம்பர் 5

எழுதிய குறிப்பில் தேர்வாளரின் பெயர் நான்கு இடத்தில் வருகிறது.

டிசம்பர் 6

இன்று மனசு இறங்கிக் கிடக்கிறது. கட்டுரை விடையை யார் திருத்தினாலும் இப்படித்தான் ஆகும், இதற்கு ஒரு குறிப்பா என்று துறையில் யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1888லேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1935இல் இங்கிலாந்தில் ஹார்டாக், ரோட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. பழைய தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய 15 வரலாற்றுத் தாள்களைத் தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் விட்டு, அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தாளுக்கு ஒன்றாக, மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல் அதே தேர்வாளர் தாம் முன்பு சொன்ன தீர்ப்பை மாற்றியிருந்தார். தேறியவர் தவறியதும் உண்டு, தவறியவர் தேறியதும் உண்டு. திருத்தியவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள்.

இதிலிருந்து நாம் ஒன்றும் செய்ய முடியாது என்ற முடிவுக்குப் போகலாம். நான் வேறு முடிவுக்கு வருகிறேன். திறமையும் நேர்மையும் உள்ளவருக்கும் அளவுகோல் நழுவும் என்றால், நழுவலைக் கண்டுபிடிக்கும் வேலையை அவருடைய மனசாட்சியிடம் மட்டும் விடக்கூடாது. ஒரே கேள்விக்கு நாற்பது விடையையும் சேர்த்துத் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது, இடையில் முன்பு திருத்திய தாள் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரு கட்டை இரண்டு அமர்வுக்குப் பிரிக்காமல் இருப்பது எல்லாம் இதற்காகத்தான். இந்தக் கட்டில் தாள் தாளாகத் திருத்தியிருக்கிறார்கள். ஆறாவது தாளின் சோலைக்காடு விடைக்கும் முப்பத்து மூன்றாவதற்கும் நடுவே சாப்பாட்டு இடைவேளையும் வேறு கேள்விகளின் விடைகள் நூற்றுக்கணக்கிலும் கிடக்கின்றன. 8 போட்டது நினைவில் நிற்காது.

டிசம்பர் 9

இரண்டாம் பாதிக்கு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் கூட்டிவிட்டால் தீர்ந்ததே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கருணையான யோசனை, வேகமும் கூட. 25க்கும் 29க்கும் இடையில் நிற்கும் ஆறு பேரும் ஒரே கையெழுத்தில் கரையேறிவிடுவார்கள். ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. மிக நல்ல விடைகள் இரண்டாம் பாதியிலும் அடிபடவில்லை. இ பிரிவில் முதல் பாதியின் உச்சம் 25, இரண்டாம் பாதியின் உச்சம் 24. அடிபட்டவை நடுத்தர விடைகள்: காலையில் 18, 20 வாங்கிய தரத்துக்குப் பிற்பகலில் 11, 13. எல்லாருக்கும் ஐந்து என்றால் மேலே இருப்பவருக்குச் சேராதது சேரும், நடுவில் இருப்பவருக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேராது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே 2007இல் சஞ்சய் சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஒரு பாடத்தைப் பலர் திருத்தும்போது ஒருவர் கறாராகவும் ஒருவர் தாராளமாகவும் இருப்பது இயல்பு. ஒருவர் ஒரே சீராகக் கறார் என்றால் தலைமைத் தேர்வாளர் மாதிரித் தாள்களைத் திருத்திப் பார்த்து, அவர் போட்ட மதிப்பெண்களை ஓர் அளவுப்படி உயர்த்தலாம். ஆனால் திருத்தம் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அந்த வழி உதவாது. வேறு தேர்வாளரோ தலைமைத் தேர்வாளரோ தாள்களை மறுபடி திருத்த வேண்டும். நம் கட்டு இரண்டாவது வகை. கூட்டிக் கொடுக்க ஒரு நிலையான எண் இதில் இல்லை.

டிசம்பர் 10

முடிவு வெளியிடும் தேதி நெருங்குகிறது. தாமதத்துக்கு நான் காரணம் என்று ஒரு பேச்சு.

டிசம்பர் 13

மாணவர்களுக்குத்தான் மறுமதிப்பீடு இருக்கிறதே, குறை இருந்தால் விண்ணப்பிக்கட்டுமே என்பது கடைசி மறுப்பு. இதற்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்ட முடியாதவர்களை விட்டுவிடுவோம், விண்ணப்பிக்கத் தோன்றாதவர்களையும் விட்டுவிடுவோம். எல்லாரிடமும் பணமும் துணிவும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கின் தீர்ப்பு, தகவல் உரிமைச் சட்டப்படி தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை மாணவருக்கு உறுதிசெய்தது. பெரிய உரிமைதான். முப்பத்து மூன்றாவது தாளுக்குரிய பெண் அதை வாங்கிப் பார்த்தால் என்ன தெரியும்? நான்கு டிக், 5 மதிப்பெண். அதே நான்கு டிக்குக்கு இன்னொருத்திக்கு 8 கிடைத்தது தெரியாது. கறாரான தேர்வாளர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அந்த முரண் அவளுடைய தாளில் இல்லை, ஆறாவது தாளிலும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். ஒரு மாணவர் தன் தாளுக்குள் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காத குறைக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வது, அந்தக் குறை எந்நாளும் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதற்குச் சமம். கட்டு முழுவதையும் பார்க்க உரிமை உள்ளவர் எங்களில் ஒருவர்தான். ஆகவே சொல்ல வேண்டியவரும் எங்களில் ஒருவர்தான்.

குறிப்பை மறுபடி எழுதினேன். இப்போது அரைப் பக்கம்தான் வருகிறது.

“மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கு, வணக்கம். மேற்குறித்த கட்டில் கூட்டல் பிழை ஏதும் இல்லை. இ பிரிவு விடைகளுக்குக் காலை அமர்விலும் பிற்பகல் அமர்விலும் வேறு வேறு அளவில் மதிப்பெண் வழங்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. அ பிரிவில் இந்த வேறுபாடு இல்லை. ஒத்த விடைகளின் இணைகள் தாள் வரிசை எண்ணுடன் இணைக்கப்பட்டுள்ளன. நாற்பது தாளின் இ பிரிவையும், முன்பு போட்ட மதிப்பெண்ணை மறைத்து, வரிசையைக் கலைத்து, கேள்விவாரியாக வேறொருவர் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் யாருடைய பெயரும் இல்லை. சேர்க்க இடமும் வரவில்லை.

டிசம்பர் 17

துறைத்தலைவர் குறிப்பை முழுக்கப் படித்திருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இருபது தாள் போதாதா? காலையில் திருத்தினதை ஏன் தொடணும்?”

காலைப் பாதி சரி, பிற்பகல் பாதி தப்பு என்று எனக்கு யார் சொன்னது? சோலைக்காடு கேள்வியில் 8 சரி, ஏனென்றால் நான்கு கருத்துக்கு விடைக்குறிப்பு தருவது அதுதான். அதற்கு அடுத்த கேள்வியில் காலைத் தாள்கள் சிலவற்றில் மூன்று டிக்குக்கு 8 போட்டிருக்கிறது. குறிப்புப்படி அது 6. அப்படியானால் எந்தப் பாதியும் அளவுகோல் ஆகாது, விடைக்குறிப்பு மட்டும்தான் அளவுகோல். நாற்பதையும் திருத்து என்று நான் எழுதியதன் பொருள், காலைத் தாளில் சிலருக்கு மதிப்பெண் குறையும் என்பதும்தான். 31, 32 வாங்கி எல்லையில் நிற்கும் இருவர் அங்கே இருக்கிறார்கள்.

உயர்ந்தால் ஏற்பது, குறைந்தால் பழையதை விடுவது என்று ஒரு வழி சொல்லலாம். மாணவருக்கு நட்டமில்லை, தப்பு எங்களுடையது, அதற்கான விலையை அவர்கள் ஏன் தர வேண்டும் என்பதும் வலுவான வாதம். ஆனால் அப்படிச் செய்தால் ஒரே கட்டில் மறுபடியும் இரண்டு அளவுகோல் வந்துவிடும். மூன்று கருத்துக்கு ஒருத்திக்கு 8, இன்னொருத்திக்கு 6. நான் குறிப்பு எழுதியதே இதை எதிர்த்துத்தான். குறைப்பதென்றால் அந்த இருவருக்கும் நான் சொல்லக்கூடிய நியாயம் என்ன என்று தேடிப் பார்க்கிறேன். இன்னும் முடிவு வெளிவரவில்லை, ஆகவே எதையும் பறிக்கவில்லை என்பதுதான் கிடைக்கிறது. முறைப்படி அது சரி. போதுமா என்று சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 19

தேர்வுக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. கட்டு முத்திரையோடு அப்படியே இருக்கிறது. குறைந்தாலும் ஏற்பது என்ற வரியைக் குறிப்பில் சேர்த்தேன், எடுத்தேன், மறுபடி சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் அந்த இருவர் பக்கம் யாராவது பேச வேண்டும். என்னாலேயே முடிந்தால் நல்லது.