ஒரு படி அரிசி என்றால் எத்தனை கிலோ?

தை அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடக்கும்போதே எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி வரும். கொள்முதல் நிலையத்துக்குப் போவது எவ்வளவு, வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்துவது எத்தனை மூட்டை? பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கணக்கு என்று எதுவும் இருப்பதில்லை. 'போன வருஷம் பத்து, இந்த வருஷமும் பத்து' என்பதுதான் பதில்.

மன்னார்குடிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்தக் கணக்கு மூன்று வருடமாக உதைத்துக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் இருவர், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர் என்று வீட்டில் ஆறு பேர். ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போய்விடும். சாப்பாடு சொந்த நெல்லில். "நமக்கு நாளைக்கு ஒரு படி அரிசி" என்பது மாமியாரின் அளவு. படி என்றால் ஒரு கிலோ என்று எடுத்துக்கொண்ட மகன், வருடத்துக்கு 365 கிலோ அரிசி என்று கணக்குப் போட்டார். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும். அப்படியானால் 562 கிலோ நெல் வேண்டும். 60 கிலோ மூட்டையாகப் பத்து நிறுத்தினால் மிச்சமே இருக்க வேண்டும்.

ஆனால் மாசி முதல் தேதி திறந்த அரிசி ஐப்பசி பாதியில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். முதலில் ரைஸ் மில்லில் எடுத்துவிடுகிறார்கள் என்று சந்தேகம். மில்லை மாற்றிப் பார்த்தார்கள், அப்படியும் அதே ஐப்பசி. அடுத்த சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. அம்மா யாருக்கோ அள்ளிக் கொடுக்கிறார் என்று மகன் வாய்விட்டே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

படியை நிறுத்துப் பார்த்தபோது

மருமகள் முறுக்கு சுட்டு விற்பவர். அதற்காக வாங்கிய சின்ன எலெக்ட்ரானிக் தராசு வீட்டில் இருந்தது.

"அத்தை, உங்க படியக் கொஞ்சம் குடுங்க. இதுல எவ்வளவு கொள்ளுதுன்னு நிறுத்துப் பாத்துடலாம்."

"படின்னா படிதான். அதுல என்னம்மா நிறுக்கறது? எங்க மாமியார் காலத்துலேருந்து இதுலதான் அளக்குறோம்" என்றாலும், பித்தளைப் படியை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் காலிப் படியைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்கள். 1,640 கிராம் காட்டியது. தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். ஆகவே அந்தப் படியின் கொள்ளளவு 1,640 மில்லி. இது பழைய பட்டணம் படி, அதாவது எட்டு ஆழாக்குப் படி. மகன் மனதில் வைத்திருந்தது டவுன் கடையில் பார்த்த ஒரு லிட்டர் படியை. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மெட்ரிக் அளவு நடைமுறைக்கு வந்த பிறகு, கடைகளுக்கு லிட்டர் படி வந்தது. வீட்டில் இருந்த படி அப்படியே இருந்தது. பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகிப் போனது.

லிட்டர் படியாகவே இருந்தாலும் அதில் ஒரு கிலோ அரிசி பிடிக்காது. அரிசிக்கும் அரிசிக்கும் இடையில் காற்று இருப்பதால், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 800 கிராம்தான் கொள்ளும். ஆக, படி ஒரு கிலோ என்பது எந்தப் படிக்கும் பொருந்தாத கணக்கு.

படியைத் துடைத்துக் காயவைத்து, புழுங்கல் அரிசியைப் போட்டு, நேரான குச்சியால் தலை தட்டி நிறுத்தார்கள். 1,310 கிராம். ஆனால் மாமியார் ஒருநாளும் தலை தட்டி அளந்தவர் அல்ல. வீட்டுக்கு அளப்பதென்றால் கோபுரமாகத்தான். அவரையே அளக்கச் சொல்லி மூன்று தடவை நிறுத்துச் சராசரி எடுத்தார்கள். 1,440 கிராம் வந்தது.

கோபுரம் ஏன் ஏமாற்றுகிறது?

தலை தட்டிய படி யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். குவித்த படி அப்படி இல்லை. அரிசி சரியாமல் நிற்கும் சாய்வுக்கு ஒரு எல்லை உண்டு. அதனால் கோபுரம் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் வாய். வாய் 12 செ.மீ. அகலம் இருந்தால், தலைக்கு மேல் சுமார் 160 மில்லி நிற்கும். வாய் 15 செ.மீ. இருந்தால் 300 மில்லிக்கு மேல் நிற்கும். மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம், கோபுரமோ ஏறக்குறைய இரட்டிப்பு. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரே அளவாக இருக்கும் இரண்டு படிகள், குவித்து அளக்கும்போது வேறு வேறு ஆகிவிடுவது இதனால்தான்.

படியைத் தட்டித் தட்டி நிரப்பினாலும், உயரத்திலிருந்து கொட்டினாலும் அரிசி நெருக்கமாக இறங்கும், எடை கூடும். ஆகவே படிக்கு எடை கண்டுபிடிக்கும்போது, தினமும் யார் எப்படி அளக்கிறாரோ அவரே அப்படியே அளக்க வேண்டும்.

பிடியும் டம்ளரும்

அளந்த படி அரிசியை மாமியார் முறத்தில் கொட்டிப் பாதி மதியத்துக்கு, பாதி இரவுக்கு என்று பிரிப்பார். ஒவ்வொரு உலையிலும் கூட ஒரு பிடி போடுவார். காக்கைக்கு, திடீரென்று வருகிறவருக்கு என்று அதற்குக் கணக்கு. ஒரு பிடியை நிறுத்தால் தராசு சரியாகக் காட்டாது, பிடிக்குப் பிடி கூடும், குறையும். அதனால் பத்துப் பிடி எடுத்துப் போட்டு, மொத்தத்தைப் பத்தால் வகுத்தார்கள். மாமியாரின் பத்துப் பிடி 380 கிராம், அதாவது பிடிக்கு 38. மருமகளின் கை சிறியது, அவருடைய பிடி 31 கிராம்தான். இது விரலை மூடி எடுக்கும் பிடி. உள்ளங்கையைக் குழித்து அள்ளும் சிறங்கை என்றால் இன்னும் கூடும். இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

"ரெண்டு பிடிதானே தம்பி, அதுலயா குடி முழுகப் போவுது?" என்று மகனிடம் கேட்டார் அந்த அம்மாள். நாளைக்கு இரண்டு பிடி 76 கிராம். வருடத்துக்கு அது 28 கிலோ அரிசி. குடி முழுகாதுதான், ஆனாலும் முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவான நெல் அதற்குள் இருக்கிறது.

மருமகள் உலை வைக்கும் நாளில் படியைத் தேடுவதில்லை. வேளைக்கு எவர்சில்வர் டம்ளரில் நாலு, தலை தட்டி. அந்த டம்ளர் 220 மில்லி தண்ணீர் பிடித்தது, அரிசி 176 கிராம். நாலு டம்ளர் 704 கிராம். மாமியாரின் பாதிப் பங்கு 720 கிராம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன. பட்டணம் படியில் ஆழாக்கு 205 மில்லி, அரைப்படிக்கு நாலு ஆழாக்கு. ஆழாக்கு இருந்த இடத்தில் டம்ளர் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டம்ளர் நசுங்கிப் போய்ப் பெரிதாக ஒன்று வாங்கினால் மட்டும், 'நாலு டம்ளர்' பழைய நாலு டம்ளர் அல்ல.

சமையலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிசி அளந்த டம்ளரிலேயே தண்ணீரையும் அளந்தால், டம்ளர் எந்த அளவாக இருந்தாலும் சோறு பதமாக வரும். அங்கே வேண்டியது ஒன்றுக்கு இரண்டா, மூன்றா என்ற விகிதம் மட்டும். அதனால்தான் அடுப்படிக்கு இத்தனை காலமாகக் கிலோ தேவைப்படவில்லை. படியும் டம்ளரும் மூட்டைக் கணக்கோடு சேரும் இடத்தில்தான் பிசகுகிறது.

மூட்டைக் கணக்கு

இப்போது அந்த வீட்டுக் கணக்கு தெளிவாகிவிட்டது. படி 1,440, பிடி இரண்டு 76, ஆக நாளொன்றுக்கு 1,516 கிராம். பத்து மூட்டை நெல்லில் கிடைத்த 390 கிலோ அரிசியை இதால் வகுத்தால் 257 நாள். மாசி முதல் தேதியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஐப்பசி பாதி. மில்காரர் எடுக்கவில்லை, அம்மாவும் யாருக்கும் அள்ளிக் கொடுக்கவில்லை.

மீதி 108 நாளுக்கு 164 கிலோ அரிசியை வெளியில் வாங்கியிருக்கிறார்கள். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 8,200 ரூபாய். அதற்குச் சமமான நெல்லை விற்ற காசு தையிலேயே வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்ததுதான், ஆனால் அது வாங்கிய கடனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும். ஐப்பசியில் அரிசிக்குக் கொடுத்தது, சம்பாவுக்கு மேலுரம் போட வைத்திருந்த பணம்.

வருடம் முழுக்க வேண்டியது 553 கிலோ அரிசி. 65 சதவீதக் கணக்கில் அதற்கு 851 கிலோ நெல், அதாவது பதினாலு மூட்டைக்குக் கொஞ்சம் மேல். இந்தத் தையில் அவர்கள் பதினைந்து மூட்டை நிறுத்தினார்கள். விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் 30 கிலோ அரிசி போல அதில் மிஞ்சும்.

இதை எந்த வீட்டிலும் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். படியில் தண்ணீர் எடை, தலை தட்டிய அரிசி எடை, குவித்த அரிசி எடை மூன்றையும் எடுத்து, படியின் அடியில் பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். தராசு இல்லாதவர்கள் படியைக் கடைக்கு எடுத்துப் போய் நிறுத்து வரலாம். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும், சன்னத்துக்கும் மோட்டாவுக்கும் எடை கொஞ்சம் மாறும் என்பதால், வீட்டில் உலை வைக்கும் அரிசியிலேயே அளக்க வேண்டும். நெல்லுக்கு அதே எடையைப் போடவே கூடாது. உமியோடு இருப்பதால், 1,640 மில்லி படியில் நெல் ஒரு கிலோவைத் தொடுவதுகூட இல்லை.

65 சதவீதம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ரகத்துக்கும் மில்லுக்கும் தகுந்து அது கூடும், குறையும். ஒரு மூட்டை அரைக்கும்போது போன நெல்லையும் வந்த அரிசியையும் நிறுத்து எழுதி வைத்தால், அடுத்த தையில் களத்து மேட்டிலேயே மூட்டைக் கணக்கைப் போட்டுவிடலாம்.